‘ஆறு பக்கம் காலியா இருக்கேம்மா!’ - வெற்று பி.டி.எஃப் போய்விட்டால் டீச்சருக்கு என்ன எழுதி அனுப்பலாம்?

திங்கட்கிழமை காலை. காலேஜ் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறீர்கள். போனில் மேடத்திடமிருந்து ஒரு மெசேஜ்: ‘உன் அசைன்மென்ட்ல முதல் ரெண்டு பக்கத்துல கேள்விகள் மட்டும் இருக்கு. மீதி ஆறு பக்கமும் காலியா இருக்கேம்மா?’

பதறிப்போய் ஃபைலைத் திறந்தால், உங்கள் போனில் எட்டுப் பக்கமும் பளிச்சென்று தெரிகிறது. வெள்ளிக்கிழமை ராத்திரி 10 மணி வரை ஸ்டைலஸ் பேனாவால் எழுதிய ஒவ்வொரு கணக்கும் அப்படியே இருக்கிறது. உடனே கை தானாக டைப் அடிக்கும்: ‘மேடம், என் போன்ல நல்லா தெரியுதே!’

அதை அனுப்பாதீர்கள். ஒரு பத்து நிமிஷம் பொறுங்கள். மேடம் மனதில் ஓடுகிற கேள்வி, ‘இவள் நிஜமாகவே எழுதினாளா, இல்லை நேரம் வாங்குவதற்காக வெறும் பக்கங்களை அனுப்பினாளா’ என்பதுதான். ‘எனக்குத் தெரியுதே’ என்பது அதற்குப் பதில் ஆகாது. பல நேரங்களில் அதற்கான பதில், நீங்கள் அனுப்பிய அந்த ‘காலி’ ஃபைலுக்குள்ளேயே இருக்கும்.

எழுதியது எங்கே போச்சு?

பி.டி.எஃப் பக்கத்தை ஒரு அச்சடித்த தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். போன் செயலியில் அதன் மேல் நீங்கள் பேனாவால் எழுதும்போது, பெரும்பாலும் அந்தத் தாளிலேயே எழுதுவதில்லை. தாளின் மேல் ஒரு கண்ணாடித் தாளை விரித்து, அதில்தான் எழுதுகிறீர்கள். ஹைலைட், கமென்ட், கையெழுத்து எல்லாமே அந்த மேல் தாளில்தான் சேரும். இதை ‘அன்னொட்டேஷன்’ என்பார்கள். பிறகு அழிக்கவோ நகர்த்தவோ வசதியாக இருக்கட்டும் என்றுதான் இந்த ஏற்பாடு.

சிக்கல் எங்கே வருகிறது? மேல் தாளில் உள்ள எழுத்து எப்படித் தெரிய வேண்டும் என்கிற படத்தையும் எழுதும் செயலி ஃபைலுக்குள் சேர்த்துவைக்க வேண்டும். சில செயலிகள் அதைச் சரியாகச் செய்வதில்லை. அப்போது, திறக்கிற செயலிதான் அந்தக் கோடுகளைத் தானாக வரைந்து காட்ட வேண்டும். சிலது வரையும். சிலது, முக்கியமாக பிரவுசருக்குள்ளேயே காட்டும் எளிய முன்னோட்டங்கள், வரையாமல் விட்டுவிடும். விடை எழுத நீங்கள் சேர்த்ததே வெற்றுப் பக்கங்கள். மேல் தாள் தெரியவில்லை என்றால் மிஞ்சுவது வெள்ளைத் தாள்தான். அச்சடித்த கேள்விகள் மட்டும் தெரிந்து விடைகள் காணாமல் போனதன் காரணம் இதுதான்.

இன்னொரு வாய்ப்பும் உண்டு. சில நோட்ஸ் செயலிகள் நீங்கள் எழுதியதைத் தங்களிடமே வைத்துக்கொள்ளும். ‘Export’ கொடுத்தால்தான் பி.டி.எஃபில் சேர்க்கும். அதைச் செய்யாமல் பழைய ஃபைலையே அப்லோடு செய்திருந்தால், மேடத்துக்குப் போனது நிஜமாகவே காலி ஃபைல்தான்.

எது உங்கள் கேஸ்?

இந்த இரண்டில் எது நடந்தது என்று தெரியாமல் குறிப்பு எழுதக் கூடாது. கண்டுபிடிப்பது சுலபம்.

எழுதிய செயலியை மூடிவிடுங்கள். நீங்கள் சமர்ப்பித்த இடத்திலிருந்தே, அந்தக் காப்பியைப் புதிதாக டவுன்லோடு செய்யுங்கள். அதை இரண்டு வெவ்வேறு செயலிகளில் திறந்து பாருங்கள். ஒன்று, கம்ப்யூட்டர் பிரவுசர். இன்னொன்று, அடோபியின் அக்ரோபேட் ரீடர்.

ஒன்றில் காலி, இன்னொன்றில் எழுத்து தெரிகிறது என்றால், எழுத்து ஃபைலுக்குள் இருக்கிறது. மேல் தாள் பிரச்னைதான். எழுத்தின் மேல் விரலால் தட்டிப்பாருங்கள். அதைச் சுற்றி ஒரு கட்டம் வந்து நகர்த்த முடிந்தால் சந்தேகமே வேண்டாம்.

எதில் திறந்தாலும் காலி என்றால், எழுத்து ஃபைலுக்குள் போகவே இல்லை. ஃபைலின் அளவும் இதைக் காட்டிக்கொடுக்கும். நம் உதாரணத்தில், மேடம் கொடுத்த கேள்வித்தாள் 210 கே.பி., நீங்கள் சமர்ப்பித்தது 640 கே.பி. என்று வைத்துக்கொள்வோம். ஆறு பக்கக் கையெழுத்து சேர்ந்ததால் அளவு கூடியிருக்கிறது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருந்தால் எழுத்து சேரவில்லை என்று அர்த்தம்.

‘Unsubmit’ பட்டனைத் தொடாதீர்கள்

இந்த இடத்தில்தான் பலர் அவசரப்பட்டு மாட்டிக்கொள்கிறார்கள். கூகுள் கிளாஸ்ரூமில் சமர்ப்பித்ததைத் திரும்ப எடுத்து, புது ஃபைலைப் போட்டுவிடலாம் என்று தோன்றும். கெடு முடிந்தபின் அப்படிச் செய்தால், புது சமர்ப்பிப்பு ‘தாமதம்’ என்றுதான் பதிவாகும்.

அதைவிட முக்கியமான விஷயம் வேறு. மேல் தாள் பிரச்னை என்றால், வெள்ளிக்கிழமை போன அந்த ஃபைல்தான் உங்கள் சாட்சி. மேடமே அதை டவுன்லோடு செய்து, எழுத்து தெரிந்த செயலியில் திறந்தால், விடைகள் எல்லாம் கண்ணெதிரே தெரியும். கெடுவுக்கு முன்பே எழுதிவிட்டீர்கள் என்பதற்கு இதைவிட வலுவான ஆதாரம் கிடையாது. ஸ்க்ரீன்ஷாட்கூட இதற்குப் பிறகுதான். அதனால் பழைய ஃபைல் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். மேடம் சொன்ன பிறகு மாற்றலாம்.

திருத்திய ஃபைல் தயார் செய்வது எப்படி?

மேல் தாளையும் கீழ்த் தாளையும் ஒட்டி ஒரே தாளாக்க வேண்டும். சில செயலிகளில் இதற்கென்றே ‘Flatten’ என்று ஒரு வசதி இருக்கும். இல்லாவிட்டாலும் கவலையில்லை, பிரின்ட் வழி இருக்கிறது.

ஆண்ட்ராய்டு போனில், நீங்கள் எழுதிய அதே செயலியில் ஃபைலைத் திறந்து, மெனுவில் ‘Print’ கொடுங்கள். பிரின்டர் பட்டியலில் ‘Save as PDF’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். தாள் அளவு ஏ4 என்று இருக்கிறதா, எல்லாப் பக்கமும் தேர்வாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு சேமியுங்கள். ஐபோனில் ‘Print’ கொடுத்ததும் வரும் முன்னோட்டத்தை இரண்டு விரலால் விரித்தால் அது தனி பி.டி.எஃபாகத் திறக்கும். அங்கிருந்து சேமிக்கலாம்.

புது ஃபைலையும் பிரவுசரில் திறந்து எட்டுப் பக்கத்தையும் தள்ளிப் பாருங்கள். எழுத்தைத் தட்டினால் இப்போது கட்டம் வரக் கூடாது. ஒன்றை மனதில் வையுங்கள்: ஒட்டிய பிறகு அந்த எழுத்தைத் திருத்த முடியாது. எனவே எழுதிய மூலப் பிரதியை அழிக்காமல் தனியாக வைத்திருங்கள். பிரின்ட் முன்னோட்டத்திலேயே எழுத்து தெரியவில்லை என்றால், ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, அந்தப் படங்களை ஒரே பி.டி.எஃபாகச் சேர்ப்பதுதான் கடைசி வழி. அதில் எழுத்து கொஞ்சம் மங்கலாம்; பெரிதாக்கிப் பார்த்து, படிக்க முடிகிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இந்த நேரத்தில் ஒரு ஆசை வரும். ‘நாலாவது கணக்குல கூட்டல் தப்பா இருக்கே, அதையும் சரி பண்ணிடலாமா?’ வேண்டவே வேண்டாம். பழைய ஃபைலையும் புது ஃபைலையும் மேடம் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரே ஒரு எண் மாறியிருந்தாலும் நீங்கள் சொன்ன மொத்த விளக்கமும் அடிபட்டுப்போகும்.

ஃபைலின் பெயரில் உங்கள் பதிவு எண்ணும், ‘திருத்தியது’ என்பது போல ஒரு சொல்லும் இருக்கட்டும். எது பழையது, எது புதியது என்று மேடம் தேட வேண்டியிருக்காது.

குறிப்பு எப்படி இருக்கணும்?

நீளமாக வேண்டாம். என்ன நடந்தது, ஏன் நடந்தது, எப்படிச் சரிபார்க்கலாம், இப்போது என்ன அனுப்புகிறேன், முடிவு உங்களுடையது. இவ்வளவுதான். மேல் தாள் பிரச்னைக்கு இப்படி எழுதலாம்:

> வணக்கம் மேடம்.
>
> வெள்ளிக்கிழமை நான் சமர்ப்பித்த காஸ்ட் அக்கவுன்டிங் அசைன்மென்ட்டில் 3 முதல் 8 வரையான பக்கங்கள் உங்களுக்குக் காலியாகத் தெரிந்ததற்கு மன்னிக்கவும். விடைகளை போன் செயலியில் பேனாவால் எழுதினேன். அந்த எழுத்து பக்கத்தோடு சேராமல் தனி அடுக்காகப் பதிவாகியிருக்கிறது. அதனால் பிரவுசரில் தெரியவில்லை. அக்ரோபேட் ரீடரில் திறந்தால் தெரிகிறது. நானும் இரண்டிலும் திறந்து பார்த்தேன்.
>
> முதலில் சமர்ப்பித்த ஃபைலை எடுக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன். திருத்திய ஃபைலை இதோடு இணைத்துள்ளேன். 8 பக்கங்கள், விடைகளில் எந்த மாற்றமும் செய்யவில்லை.
>
> இதை ஏற்றுக்கொள்ள முடியுமா, மறுபடி சமர்ப்பிக்க வேண்டுமா என்று சொல்லுங்கள் மேடம்.
>
> நன்றி.
> பெயர், பதிவு எண், வகுப்பு

‘ஆப் சரியில்லை’, ‘நெட் ஸ்லோ’ போன்ற வரிகள் இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். மேடத்தால் அவற்றைச் சரிபார்க்க முடியாது. ‘பழைய ஃபைல் அங்கேயே இருக்கிறது, இதில் திறந்தால் தெரியும்’ என்பதை ஒரு நிமிஷத்தில் சரிபார்க்கலாம். குறிப்பின் முழு பலமும் அந்த வரியில்தான். இதை கிளாஸ்ரூமில் அந்த அசைன்மென்ட்டுக்குக் கீழே உள்ள தனிப்பட்ட கமென்ட்டில் போடலாம். ஃபைலை மெயிலில் இணைக்கலாம். வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் வேண்டாம். எல்லோருக்கும் உங்கள் விடை போய்விடும்.

உங்களுடையது இரண்டாவது கேஸ், அதாவது எழுத்து ஃபைலுக்குள் போகவே இல்லை என்றால், மேலே உள்ள குறிப்பை காப்பி அடிக்காதீர்கள். ‘எழுதியதை எக்ஸ்போர்ட் செய்யாமல் பழைய ஃபைலை அனுப்பிவிட்டேன், தவறு என்னுடையது மேடம்’ என்று நேராகச் சொல்லுங்கள். நோட்ஸ் செயலியில் கடைசியாக எழுதிய தேதியும் நேரமும் பதிவாகியிருந்தால், அதன் ஸ்க்ரீன்ஷாட்டைச் சேருங்கள். சரிபார்ப்பதற்காக அந்தக் கோப்பைத் திறக்கும்போது எதையும் கிறுக்கிவிடாதீர்கள்; ஒரு புள்ளி வைத்தாலும் நேரம் மாறிவிடலாம். இது முழு ஆதாரம் ஆகாது, மேடம் ஏற்காமலும் போகலாம். ‘போனை நேரில் கொண்டுவந்து காட்டட்டுமா மேடம்?’ என்று ஒரு வரி சேர்த்தால், உங்கள் பக்கம் இன்னும் கொஞ்சம் வலுக்கும்.

அடுத்த முறை? சமர்ப்பித்த கையோடு, அதே ஃபைலை நண்பரின் போனிலோ வீட்டு லேப்டாப் பிரவுசரிலோ ஒரு தடவை திறந்து கடைசிப் பக்கம் வரை பாருங்கள். ராத்திரி 10 மணிக்கே முடித்துவிட்டீர்கள், கெடு 11.59. காலியாக இருந்திருந்தால், அந்த இரண்டு மணி நேரத்தில் குறிப்பே தேவைப்படாமல் சரி செய்திருக்கலாம்.