மீரட்டில் தொலைந்த தங்கம்



என் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் கேட்டான்: "சார், போலீஸ் எடுத்துட்டுப் போன பொருள் அங்கேயே காணாமப் போனா அரசாங்கம் காசு தருமா?" நான் வக்கீல் இல்லை, வரலாறு படித்தவன். அதனால் ஒரு கதையாகவே பதில் சொல்கிறேன்.

1947 செப்டம்பர். அமிர்தசரஸைச் சேர்ந்த ஒரு நகை வியாபாரி, தங்கமும் வெள்ளியும் விற்க மீரட்டுக்கு வந்தார். திருட்டுச் சொத்தோ என்று சந்தேகப்பட்டுக் காவலர்கள் அவரைப் பிடித்தார்கள். மறுநாள் ஜாமீனில் விட்டார்கள். வெள்ளி திரும்பக் கிடைத்தது. 103 தோலா தங்கம், நம் கணக்கில் சுமார் 150 பவுன், கிடைக்கவில்லை. கருவூலத்துக்குப் போயிருக்க வேண்டிய அதை, பொறுப்பிலிருந்த தலைமைக் காவலரே எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்குப் போய்விட்டார்.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. காவலர்கள் அலட்சியமாக இருந்தார்கள் என்று நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. ஆனாலும் நஷ்ட ஈடு இல்லை! கைது செய்வதும் சொத்தைக் கைப்பற்றுவதும் அரசின் இறையாண்மைப் பணி, அதில் நேரும் தவறுக்கு அரசு பொறுப்பல்ல என்பது தீர்ப்பு. இதுதான் கஸ்தூரிலால் வழக்கு.

இந்தப் பாகுபாடு எங்கிருந்து வந்தது? கல்கத்தாவில் அரசின் கப்பல் துறைக்கு அருகே, கூலியாட்கள் சுமந்து வந்த இரும்பைப் போட்ட சத்தத்தில் ஒரு வண்டிக் குதிரை மிரண்டு அடிபட்டது. கப்பல் துறை நடத்துவது தனியாரும் செய்யக்கூடிய வேலை, ஆகவே அரசு பணம் தர வேண்டும் என்று 1861இல் தீர்ப்பானது. அதாவது அரசு தோற்ற வழக்கு அது. ஆனால் இறையாண்மைச் செயல்கள் வேறு என்று அதில் சொல்லப்பட்டதே நூறு ஆண்டு கழித்து அரசுக்குக் கேடயமானது. இன்றைய அரசின் பொறுப்பு பழைய கம்பெனியின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவுதான் என்று அரசியலமைப்பின் 300ஆவது பிரிவு சொல்வதே காரணம்.

பிறகு கேடயம் தேய்ந்தது. விடுதலையான பின்னும் 14 ஆண்டு சிறையில் கிடந்த பீகாரின் ருதுல் ஷாவுக்கு 1983இல் உச்ச நீதிமன்றம் இழப்பீடு தரச் சொன்னது. உயிரும் சுதந்திரமும் அடிப்படை உரிமை; அங்கே இறையாண்மை வாதம் செல்லாது என்பது 1993இல் நீலாபதி பெஹரா வழக்கில் தெளிவானது. போலீஸ் காவலில் மகனை இழந்த தாய் அவர். 1994இல், ஆந்திராவில் அதிகாரிகள் கைப்பற்றி வைத்துக் கெட்டுப்போன உரத்துக்கும் அரசே பொறுப்பு என்றது நீதிமன்றம். நாட்டுப் பாதுகாப்பு, வெளியுறவு போன்ற சிலவற்றுக்கு மட்டுமே விலக்கு என்றும் சொன்னது.

ஆனால் கஸ்தூரிலால் தீர்ப்பு ஐந்து நீதிபதிகள் தந்தது. அதைவிடப் பெரிய அமர்வு அதை நேரடியாக ரத்து செய்யவில்லை. செல்வாக்கு இழந்தும் ஏட்டில் இருக்கிறது. இதற்கென ஒரு சட்டம் இயற்றுங்கள் என்று அந்தத் தீர்ப்பே கேட்டது. அறுபதுகளில் மசோதா வந்தது, சட்டமாகவில்லை.

ஆகவே தம்பி, உன் கேள்விக்குப் பதில்: இன்று வாய்ப்பு நிறையவே உண்டு. பொருளை எடுக்கும்போதே பட்டியல் எழுதி வாங்கிக்கொள். மீரட் வியாபாரிக்குக் கிடைக்காத நியாயம் உனக்குக் கிடைக்கட்டும்.