லாக்: மரப்பலகையும் பதிவேடும்

ஆங்கிலத்தில் 'லாக்' என்றால் முதலில் மரக்கட்டைதான். வேகம் அறியக் கயிற்றில் கட்டிக் கடலில் எறிந்த மரத்துண்டுக்கு அந்தப் பெயர் வந்தது. இந்த முறையை 1574இல் வில்லியம் போர்ன் மாலுமிகளுக்கான தம் நூலில் விவரித்தார்.

பிரிட்டிஷ் கடற்படையில் பின்னாளில் நிலைத்த லாக், கால்வட்டமாக அறுத்த பலகை. வளைந்த விளிம்பில் ஈயம் பதித்திருக்கும். அதனால் அது நீரில் நிமிர்ந்து நின்று, விழுந்த இடத்திலேயே தங்கும். கயிற்றின் முதல் பகுதியை, கப்பலின் பின்னே எழும் நீர்க் கலக்கத்தைப் பலகை தாண்டும்வரை விடுவார்கள். அதன் முடிவில் கட்டிய துணி கடந்ததும் 28 விநாடி மணல்கடிகையைத் திருப்பி, மணல் தீரும்வரை ஓடிய முடிச்சுகளை எண்ணுவார்கள். முடிச்சுகளின் இடைவெளி 47 அடி 3 அங்குலம். 6,080 அடி கொண்ட ஒரு கடல் மைலை ஒரு மணி நேரத்தில் கடக்கும் கப்பல், 28 விநாடியில் அவ்வளவுதான் நகரும். ஐந்து முடிச்சு ஓடினால் மணிக்கு ஐந்து கடல் மைல். 'நாட்' என்ற வேக அலகு இப்படிப் பிறந்தது. கயிறு நீண்டுவிட்டால் எண்ணிக்கை குறையும். கரை இன்னும் தொலைவில் இருப்பதாக நம்பிக் கப்பல் பாறையில் மோதும். அதனால் கயிற்றை அடிக்கடி அளந்து பார்த்தார்கள்.

வேகத்தையும் திசையையும் கற்பலகையில் குறித்து, பிறகு ஏட்டில் ஏற்றினார்கள். அந்த ஏடு 'லாக் புக்' ஆயிற்று. சுருங்கி அதுவும் 'லாக்' ஆனது. திசை, வேகம், நேரம் மூன்றையும் கொண்டு இருப்பிடம் கணிப்பதே 'டெட் ரெக்கனிங்'.

இதன் பெரிய குறை நீரோட்டம். நிலநடுக்கோட்டை ஒட்டி மேற்கே 5 நாட்டில் 24 மணி நேரம் ஓடும் கப்பலுக்கு லாக் 120 கடல் மைல் காட்டும். நீரோட்டமும் மேற்கே 1 நாட்டில் ஓடினால் கப்பல் உண்மையில் 144 மைல் போயிருக்கும். பலகையும் அதே நீரோடு மிதப்பதால் இது லாக்கில் தெரியாது.

வானத்தைப் பார்த்தால்தான் தெரியும். செக்ஸ்டன்ட் கொண்டு உச்சிவேளைச் சூரியனின் உயரத்தை அளந்தால் அட்சரேகை கிடைக்கும். காலையிலோ மாலையிலோ அளந்தால் கப்பல் இருக்குமிடத்தின் நேரத்தைக் கணக்கிடலாம். குரோனோமீட்டர் காட்டும் கிரீன்விச் நேரத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடே தீர்க்கரேகை. நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை. கடிகாரம் நான்கு விநாடி தவறினால் நிலநடுக்கோட்டில் ஒரு கடல் மைல் தவறும். ஆகவே தினசரிப் பிழையைக் கணக்கில் சேர்த்து, துறைமுகங்களில் சரிபார்த்தார்கள். கிரீன்விச்சில் 1833 முதல் பகல் ஒரு மணிக்கு விழுந்த நேரப்பந்து தேம்ஸில் நின்ற கப்பல்களுக்கு அப்படி உதவியது.

லாக் சொன்ன இடத்துக்கும் வானம் சொன்ன இடத்துக்கும் வந்த அந்த 24 மைல் வேறுபாடும் வீணாகவில்லை. வங்காளத்தை அளந்த ஜேம்ஸ் ரென்னல், பல கப்பல்களின் லாக் ஏடுகளில் இருந்த இத்தகைய வேறுபாடுகளைத் திரட்டி அட்லாண்டிக் நீரோட்டங்களை வரைந்தார். அவர் மறைந்த பின், 1832இல் அது நூலாக வந்தது.