வானத்தின் நீலம்: தூசியா, காற்றா?

வானம் ஏன் நீலமா இருக்கு எண்டு கேட்டா, கடலின்ர நிறம் தெறிக்குது எண்ட பதில்தான் எங்களில கனபேருக்குச் சின்ன வயசில கிடைச்சது. 19ஆம் நூற்றாண்டின் விஞ்ஞானிகளுக்கும் இந்தக் கேள்வி லேசில் பிடிபடவில்லை.

1869இல் ஜோன் ரின்டல் ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் ஆவியை நிரப்பி, அதனூடாக வலுவான ஒளியைப் பாய்ச்சினார். ஆவி சிதைந்து மிக நுண்ணிய துணிக்கைகள் உருவாகத் தொடங்கியதும் குழாய்க்குள் நீலம் தெரிந்தது. துணிக்கைகள் பெருக்கப் பெருக்க அது வெளிறி வெள்ளையாகியது. அப்ப வானத்திலயும் ஏதோ நுண்துணிக்கைகள்தான் மிதக்குது எண்டு அவர் முடிவெடுத்தார்.

ஏன் நீலம்? 1871இல் பிற்காலத்து றேலி பிரபு கணக்குப் போட்டார். துணிக்கை ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியதென்றால், சிதறும் ஒளியின் செறிவு அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்மாறாக இருக்கும் என்றார்.

இன்றைய மொழியில் இதை இப்படிச் சொல்லலாம். மூலக்கூறிலுள்ள இலத்திரன்கள் வில்லில் கட்டிய குண்டு மாதிரி. ஒளியலையின் மின்புலம் அவற்றை மேலும் கீழுமாக ஆட்ட, மூலக்கூறு அலைகின்ற ஒரு இருமுனைவாகிறது. அந்த வில்லின் இயற்கை மீடிறன் புறஊதாப் பக்கம், கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. அதால சிவப்பு ஆட்டினாலும் நீலம் ஆட்டினாலும் வீச்சம் கிட்டத்தட்ட ஒண்டுதான். ஆனால் ஒரே வீச்சத்தில் வேகமாக ஆடும்போது ஆர்முடுகல் மீடிறனின் வர்க்கத்தோடு கூடும். வெளிவிடும் அலை அந்த ஆர்முடுகலுக்கு விகிதசமம். அதன் வலு அலையின் வர்க்கம். ஆக, மீடிறனின் நான்காம் அடுக்கு.

போட்டுப் பாருங்கோ: 650 நனோமீற்றர் சிவப்பு, 450 நனோமீற்றர் நீலம். விகிதம் 1.44. அதன் நான்காம் அடுக்கு நாலுக்கு மேல். நீலம் நாலு மடங்குக்கு மேல் சிதறுது. ஊதா இன்னும் கூடச் சிதறும்தான். ஆனா சூரிய ஒளியில ஊதா குறைவு, எங்கட கண்ணும் அதுக்கு மந்தம்.

ஒரு கேள்வி மிச்சம்: ஆட்டப்படுவது எது, தூசியா? 1873இல் மக்ஸ்வெல் றேலிக்கு எழுதிய கடிதம், காற்று மூலக்கூறுகளையே அந்தச் சமன்பாட்டில் போட்டுப் பார்க்கச் சொன்னது. 1899இல் றேலி அதைச் செய்தார். தூய காற்றில் ஒளி எண்பது கிலோமீற்றர் அளவு போனால் மூன்றிலொரு பங்காகக் குறையும் என்று வந்தது. டார்ஜிலிங்கிலிருந்து 150 கிலோமீற்றருக்கு மேல் தள்ளியிருக்கும் எவரெஸ்ட் தெளிவாகத் தெரிவதை அவர் இதோடு ஒப்பிட்டார். காற்று தானே இவ்வளவு சிதறடிக்கிறதென்றால், தூசிக்கு விட்டுவைக்க அதிகம் மிச்சமில்லை.

தூசி முழுக்க அடங்கினாலும் வானம் நீலமாத்தான் இருக்கும். நாங்கள் பார்க்கிறது காற்றையேதான்.