செயற்கைக்கோள் இருவரித் தரவு: துளையட்டையிலிருந்து வந்த எல்லைகள்

பூமியைச் சுற்றும் செயற்கைக்கோள்களின் பாதையை அமெரிக்கக் கண்காணிப்பு அமைப்புகள் பல பத்தாண்டுகளாக இரண்டே வரிகளில் எழுதி வெளியிட்டு வருகின்றன. அந்த வரிகளில் தலைப்பும் காற்புள்ளியும் கிடையாது. ஒவ்வொரு எண்ணும் வரியில் தனக்கென ஒதுக்கிய எழுத்திடங்களில் நிற்கும், அவ்வளவுதான். பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு 2008 செப்டம்பரில் வெளியான தரவின் இரண்டாம் வரி இது:

```
2 25544  51.6416 247.4627 0006703 130.0536 325.0288 15.72125391563537
```

இந்த அமைப்பின் வேர் ஐ.பி.எம். நிறுவனம் 1928இல் கொண்டுவந்த 80 பத்தித் துளையட்டை. அட்டையில் ஓர் எண்ணின் பொருளை அது துளையிடப்பட்ட பத்தியே தீர்மானித்தது. 1957இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் மொழி இந்த வழக்கத்தை FORMAT என்ற கூற்றாக மாற்றிக்கொண்டது. இருவரித் தரவும் முதலில் இரண்டு அட்டைகளுக்காக வகுக்கப்பட்டதே. ஒவ்வொரு வரியும் 69 இடங்களில் முடிகிறது. மேலே உள்ள வரியை ஃபோர்ட்ரானில் இப்படி வாசிக்கலாம்:

```
FORMAT(I1,1X,I5,1X,F8.4,1X,F8.4,1X,F7.7,1X,F8.4,1X,F8.4,1X,F11.8,I5,I1)
```

இதில் உற்றுப் பார்க்க வேண்டியது F7.7. பாதை எவ்வளவு நீள்வட்டமானது என்று சொல்லும் மையப்பிறழ்ச்சி 27 முதல் 33ஆம் இடம் வரை 0006703 என்று நிற்கிறது. அதன் உண்மையான மதிப்பு 0.0006703. நீள்வட்டப் பாதையில் இந்த எண் எப்போதும் ஒன்றுக்குக் குறைவு. அதனால் புள்ளியை அச்சிடாமல் இடத்தை மிச்சப்படுத்தினார்கள். ஏழு இலக்கமும் புள்ளிக்குப் பின்னால் வருபவை என்பதை ஃபோர்ட்ரான் FORMAT கூற்றிலிருந்தே அறிந்துகொண்டது. தரவும் அதை வாசிக்கும் மொழியும் ஒன்றையொன்று எதிர்பார்த்து வளர்ந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

பின்னாளில், இடைவெளி கண்ட இடத்தில் வரியைத் துண்டாக்கும் மொழிகள் பரவியதும் இந்த உறவு அறுந்தது. அப்படிப் பிரித்தால் மேலே உள்ள வரி எட்டுத் துண்டாகும். கடைசித் துண்டான 15.72125391563537 ஒரே எண் போலத் தெரிந்தாலும் அதில் மூன்று எண்கள் ஒட்டிக்கிடக்கின்றன. 53 முதல் 63 வரை ஒரு நாளில் சுற்றும் சுற்றுகள், 15.72125391. 64 முதல் 68 வரை அதுவரை முடிந்த சுற்றுகளின் எண்ணிக்கை, 56353. 69ஆம் இடத்தில் சரிபார்ப்பு இலக்கம், 7.

புதிதாக ஏவிய செயற்கைக்கோளில் இந்தத் தவறு வேறு முகம் காட்டும். சுற்று எண்ணிக்கை 10,000ஐத் தொடும்வரை அந்தப் புலத்தின் முன்னால் வெற்றிடம் இருப்பதால், துண்டுகள் ஒன்பதாக வரும். அதை வைத்துச் சோதித்த நிரல் பத்தாயிரமாவது சுற்றில் முறியும். எட்டுத் துண்டை எதிர்பார்க்கும் நிரலோ முறியாமலே ஓடும். ஒட்டிய இலக்கங்கள் எட்டாம் தசம இடத்துக்கு அப்பால் விழுவதால் பாதைக் கணக்கில் வேறுபாடு கண்ணில் படாது. சுற்று எண்ணிக்கை மட்டும் சத்தமில்லாமல் தொலைந்துபோகும்.

இடக்கணக்கில் வெட்டினால் இந்தச் சிக்கல் எழாது. பைத்தான் பூச்சியத்திலிருந்து எண்ணுவதால் ஆவணத்தில் 53 என்பது நிரலில் 52 ஆகும். முடிவு எண் அப்படியே நிற்கும்:

```
ecc = float("0." + line[26:33])
n   = float(line[52:63])
rev = int(line[63:68])
chk = int(line[68])
```

சரிபார்ப்பு இலக்கத்தைக் கையாலும் சோதிக்கலாம். முதல் 68 இடங்களில் உள்ள இலக்கங்களைக் கூட்ட வேண்டும். கழித்தல் குறி வந்தால் அதற்கு ஒன்று. இந்த வரியில் கூட்டுத்தொகை 197. அதன் கடைசி இலக்கம் 7, வரியின் இறுதியில் உள்ளதும் 7.

ஆனால் இந்தச் சோதனைக்கு வெற்றிடம் தெரியாது. வரியை நகலெடுக்கும்போது 25544க்குப் பின்னுள்ள இரட்டை வெற்றிடம் ஒன்றாகச் சுருங்கிவிட்டதாகக் கொள்வோம். கூட்டுத்தொகை மாறாது, பின்னுள்ள எல்லாம் ஓரிடம் இடப்பக்கம் நகரும். அடுத்த கோணமான 247.4627 பாகை 47.4627 ஆகிவிடும், மையப்பிறழ்ச்சி பத்து மடங்காகும். இரண்டும் நம்பக்கூடிய எண்களாகவே தோன்றும் என்பதுதான் ஆபத்து. ஆகவே வெட்டுவதற்கு முன் வரியின் நீளம் 69தானா, 12, 21, 38, 47, 55 ஆகிய இடங்களில் புள்ளி நிற்கிறதா என்று பார்ப்பதையே நான் முதல் சோதனையாகக் கருதுகிறேன்.

அட்டை விதித்த அகலம் இன்று நெருக்கடியாகிவிட்டது. விண்வெளி நிலையம் 2016 மே மாதத்தில் ஒரு லட்சம் சுற்றுகளை முடித்தது. ஐந்து இடங்களில் அந்த எண் அடங்காது, எண்ணிக்கை மறுபடி தொடக்கத்துக்குத் திரும்பியது. ஆண்டுக்கும் முதல் வரியில் இரண்டே இடம்தான். ஸ்புட்னிக் பறந்த 1957ஐ எல்லையாக வைத்து, 57 முதல் 99 வரை இருபதாம் நூற்றாண்டு, 00 முதல் 56 வரை இருபத்தோராம் நூற்றாண்டு என்று கொள்கிறார்கள். 99,999ஐத் தாண்டும் பட்டியல் எண்களுக்கு முதல் இலக்கத்தின் இடத்தில் ஆங்கில எழுத்தை வைக்கும் ஏற்பாடு வந்துள்ளது. I, O இரண்டையும் விலக்கி, A என்றால் 10 என்று தொடங்கி, அது 3,39,999 வரை செல்லும். இடங்கள் மாறவில்லை என்றாலும், மூன்றாம் இடம் முதல் ஏழாம் இடம் வரை முழு எண்ணாக வாசிக்கும் பழைய நிரல்கள் அங்கே நின்றுவிடும்.

ஒவ்வொரு மதிப்புக்கும் பெயர் சூட்டும் OMM என்ற புதிய வடிவில் இந்த அகலக் கட்டுப்பாடு இல்லை. இருவரி வடிவில் ஏற்கெனவே சேமித்த பழைய கோப்புகளை மட்டும் இன்றும் எழுத்திடத்தை எண்ணித்தான் பிரிக்க வேண்டும்.