'தருவாங்களாம்' என்றால் 'தருவார்கள்' அல்ல: தமிழ்ப் பேட்டி ஆங்கில மேற்கோளாகும்போது என்ன தொலைகிறது?

2013 ஜனவரியில் பெங்களூரு ஈஜிபுராவில் பொருளாதாரத்தில் நலிந்தோருக்கான குடியிருப்பு இடத்தில் வாழ்ந்த குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அங்கே தமிழ், கன்னடம் பேசியவர்கள் பலர். ஆனால் நாடு முழுக்கப் பலரும் அவர்கள் குரலைப் படித்தது ஆங்கிலச் செய்திகளில்தான். இப்படி ஒரு குடியிருப்பில் நீங்கள் தமிழில் பேட்டி எடுத்து, அதை ஆங்கில அறிக்கையில் சேர்க்க வேண்டியிருந்தால் எங்கே தடுக்கும்?

ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். இது யாரும் சொன்னதல்ல, விளக்கத்துக்காக நானே அமைத்தது.

"போர்டுல இருந்து வந்தாங்க. வேற இடத்துல சைட் தருவாங்களாம். நீங்க கையெழுத்து போட்டா போதும்னு சொன்னாங்க."

முதல் தவறு மொழிபெயர்க்கும் முன்பே நடக்கும். ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுத நாலு மணி நேரமாவது ஆகும். அந்தச் சலிப்பில் கை தானாக எழுத்துத் தமிழுக்குத் தாவும். 'தருவாங்களாம்' என்பது 'தருவார்கள்' ஆகிவிடும். அந்த 'ஆம்' போனதும் செய்தியே மாறிவிடுகிறது. அவர் சொன்னது 'தருவாங்கன்னு கேள்விப்பட்டேன்' என்பதுதான். நீங்கள் எழுதியதோ உறுதிமொழி. அது ஆங்கிலத்தில் 'தி போர்டு பிராமிஸ்டு அஸ்' என்று வந்தால், வாரியம் கொடுத்ததாக யாருமே சொல்லாத ஒரு வாக்குறுதி அச்சாகிவிடும். அதனால் பேச்சை வாயில் வந்தபடியே எழுதுங்கள், பக்கத்தில் நேரத்தையும் குறியுங்கள்: 00:12:40. சந்தேகம் வந்தால் அதே இடத்தைத் திரும்பக் கேட்கலாம்.

இந்த 'ஆம்' இன்னொரு வேலையும் செய்யும். 'தருவாங்களாம்!' என்று உதட்டைச் சுழித்துச் சொன்னால் அது நம்பிக்கையின்மை. ஒலிப்பதிவில் குரல் இருக்கும், முகம் இருக்காது. எனவே சிரித்தாரா, இழுத்துச் சொன்னாரா என்பதை அன்றே குறித்துவைக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து நினைவிருக்காது.

சரி, யாரிடம் கேள்விப்பட்டார்? வந்தவர்களே சொன்னார்களா, பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்களா? கையெழுத்து விஷயத்துக்கு 'சொன்னாங்க' இருக்கிறது. சைட் விஷயத்துக்கு அது இல்லை. இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்ததாக நினைப்பது நம் ஊகம். போன் போட்டு "அதை யாரும்மா சொன்னது, நீங்க நேர்ல கேட்டீங்களா?" என்று விசாரிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

'வந்தாங்க' என்பதையும் அதே போனில் தீர்த்துக்கொள்ளுங்கள். மரியாதைக்காகச் சொன்ன ஒருவரா, நிஜமாகவே பல பேரா? தமிழில் இரண்டுக்கும் ஒரே விகுதி. ஆங்கிலத்தில் 'அஃபிஷியல்ஸ்' என்று பன்மையில் எழுதினால், வந்தது ஒரே ஒருவராக இருக்கும்போது தகவல் பிழை. 'போர்டு' எது என்பதையும் கேளுங்கள். இந்த ஊரில் அது குடிசைப்பகுதி மேம்பாட்டு வாரியமாகவும் இருக்கலாம், குடிநீர் வாரியமாகவும் இருக்கலாம்.

அடுத்து 'சைட்'. பெங்களூரில் சைட் என்றால் வீட்டு மனை. வெளியூர் வாசகருக்கு அதே ஆங்கிலச் சொல் கட்டுமான இடமாகவோ வெறும் 'இடம்' என்றோதான் படும். ஆகவே 'பிளாட்' என்று மாற்ற வேண்டும். இங்கே ஒரு பொறி உண்டு. மனைக்கான ஆங்கிலச் சொல், அடுக்குமாடி வீட்டுக்கான ஆங்கிலச் சொல், இரண்டையும் நாம் தமிழில் 'பிளாட்' என்றே எழுதிவிடுகிறோம். பேசுபவரே 'பிளாட்' என்றால் குழப்பம் இரட்டிப்பு. மறுகுடியமர்த்தல் செய்தியில் நிலமா, நாலாவது மாடியா என்பதுதானே மொத்தப் பிரச்னையும்? எழுதும்போதே பக்கத்தில் 'மனை' அல்லது 'மாடிவீடு' என்று குறித்துவிடுங்கள். அதேபோல, அவர் கன்னடத்தில் 'ஹக்கு பத்ர' என்றால் அதைப் 'பட்டா' என்று திருத்தாதீர்கள். அந்தத் தாளை நேரில் பார்த்து, அதில் என்ன உரிமை எழுதியிருக்கிறது என்று படித்த பிறகே ஆங்கிலச் சொல்லை முடிவு செய்யுங்கள்.

போன் போட்டதில் இப்படித் தெரியவந்தது என்று வைத்துக்கொள்வோம்: வந்தது குடிசைப்பகுதி வாரியத்தின் ஒரு பெண் அதிகாரி, மனை பற்றிச் சொன்னது பக்கத்து வீட்டுக்காரர். இப்போது மேற்கோள் குறிக்குள் முழு வாக்கியத்தையும் திணிக்காதீர்கள். அதிகாரி வந்ததையும் கையெழுத்து கேட்டதையும் உங்கள் சொற்களில், அந்தப் பெண் சொன்னதாக எழுதுங்கள். மேற்கோளுக்குள் ஒரு துண்டு போதும்: 'வி ஹியர் வி வில் பி கிவன் பிளாட்ஸ் ஆஃப் லேண்ட்'. அது அக்கம்பக்கத்துப் பேச்சு என்பதையும் அடுத்த வரியில் சொல்லிவிடலாம். கூடவே, பேட்டி தமிழில் நடந்தது என்பதை அறிக்கையில் ஒருமுறை குறிப்பிடுங்கள்.

அனுப்பும் முன் ஒரு சோதனை. மூலத்தைப் பார்க்காத, தமிழ் தெரிந்த சக ஊழியரிடம் அந்த ஆங்கில வரியைக் கொடுத்து, அந்த அம்மா தமிழில் எப்படிச் சொல்லியிருப்பார் என்று கேளுங்கள். அவர் வாயில் 'தருவாங்களாம்' வந்தால் சரி. 'தருவாங்க' என்று வந்தால் வரி இன்னும் தயாராகவில்லை. எடிட்டிங் மேசையில் முதலில் வெட்டுப்படுவதும் அந்த 'வி ஹியர்'தான், நீளம் குறைக்க. அது கேள்விப்பட்ட தகவல், நீக்க வேண்டாம் என்று ஓரத்தில் ஒரு குறிப்பு போட்டே அனுப்புங்கள்.