ஒயின் செய்யலாமா, எஃகு செய்யலாமா?

சுதந்திர வர்த்தகம் பற்றிப் பேச ஆரம்பிச்சா, பெரும்பாலும் ரெண்டு அணி உருவாகிடும். ஒரு பக்கம் "எல்லை வரியே வேண்டாம்", இன்னொரு பக்கம் "உள்ளூர் தொழிலைக் காப்பாத்து". இந்த எபிசோட்ல எந்த அணியிலயும் சேரப் போறதில்ல. ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்கப் போறோம்: தொழில் இல்லாத ஒரு நாடு தொழில் தொடங்கணும்னா, பொருளாதாரக் கோட்பாடு அதுக்கு என்ன சொல்லுது, எதைச் சொல்லாம விடுது?

முதல்ல கோட்பாட்டைச் சரியாப் புரிஞ்சுக்கலாம். 1817-ல டேவிட் ரிக்கார்டோ ஒரு உதாரணம் சொன்னார். போர்ச்சுகல்ல குறிப்பிட்ட அளவு ஒயின் செய்ய ஒரு வருஷத்துக்கு 80 பேரோட உழைப்பு வேணும். துணி செய்ய 90 பேர். இங்கிலாந்துல அதே ஒயினுக்கு 120 பேர், அதே துணிக்கு 100 பேர். அதாவது, ரெண்டு பொருளையும் போர்ச்சுகல்தான் குறைந்த உழைப்பில் செய்யுது. அப்போ இங்கிலாந்துக்கிட்ட ஏன் எதையாவது வாங்கணும்?

கணக்கைப் பாருங்க. போர்ச்சுகல் 80 பேர் உழைப்பில் செஞ்ச ஒயினைக் கொடுத்துத் துணி வாங்குது. அந்தத் துணியைத் தானே நெஞ்சிருந்தா 90 பேர் தேவைப்பட்டிருப்பாங்க. 10 பேர் உழைப்பு மிச்சம். இங்கிலாந்து 100 பேர் நெய்த துணியைக் கொடுத்து, தனக்கு 120 பேர் தேவைப்படும் ஒயினை வாங்குது. 20 பேர் உழைப்பு மிச்சம். ரெண்டு பேருக்கும் லாபம். நீங்க மத்தவரை விடத் திறமைசாலியா இல்லையாங்கிறது கேள்வியே இல்ல. உங்களுக்கு எந்த வேலையில சாதகம் அதிகம், அல்லது பாதகம் குறைவு என்பதுதான் கேள்வி. இதுதான் ஒப்பீட்டு நன்மை. இந்தக் கணக்குல தப்பு கிடையாது. விமர்சகர்களில் பலரும் கணக்கைத் தப்புன்னு சொல்லல.

அவங்க கேட்டது வேற. 80, 90, 100, 120, இந்த எண்கள் எங்கிருந்து வந்தது? நாளைக்கும் இதே எண்கள்தானா?

ரிக்கார்டோ துணியையும் ஒயினையும் தேர்ந்தெடுத்தது சும்மா இல்ல. 1703-ல இங்கிலாந்தும் போர்ச்சுகலும் மெத்துவென் ஒப்பந்தம் போட்டிருந்தாங்க. ஆங்கிலேயக் கம்பளித் துணி போர்ச்சுகலுக்குள்ள வரலாம். பதிலுக்கு, பிரெஞ்சு ஒயினுக்கு இருக்கும் வரியில் மூணில் ஒரு பங்கு போர்ச்சுகல் ஒயினுக்குக் குறையும். அதே இங்கிலாந்து 1721-ல, நம்ம சோழமண்டலக் கரையிலிருந்தும் போன இந்தியப் பருத்தி அச்சுத்துணியை உடுத்தவே தடை போட்டது. ஆங்கிலேய நெசவின் செலவு இறங்கினதுல இயற்கைக்கு மட்டும் பங்கில்ல; சட்டத்துக்கும் பங்கு உண்டு.

1841-ல ஜெர்மானியரான ஃப்ரெடரிக் லிஸ்ட் இதைத்தான் பிடிச்சார். மெத்துவென் ஒப்பந்தம் போர்ச்சுகலின் துணித் தொழிலை முளையிலேயே கருக்கிடுச்சு என்பது அவர் வாதம். ஒரு நாடு இன்னைக்கு எதை மலிவாச் செய்யுதுன்னு மட்டும் பார்க்காதீங்க, எதைச் செய்யக் கத்துக்கிட்டு இருக்குன்னு பாருங்கன்னார். கத்துக்கும் காலத்துல மட்டும் இளந்தொழிலுக்கு வேலி வேணும். சுதந்திர வர்த்தகத்தின் பெரிய ஆதரவாளரான ஜான் ஸ்டூவர்ட் மில்லும் 1848-ல இந்த ஒரு விதிவிலக்கை ஏத்துக்கிட்டார், ஒரு நிபந்தனையோட: வேலி தற்காலிகமா இருக்கணும், ஒருநாள் அது இல்லாமலே தொழில் நிக்கும்னு நம்ப நல்ல காரணம் இருக்கணும்.

இப்போ ஒரு நிஜ வழக்குக்கு வருவோம்: தென் கொரியா. 1960-களின் இறுதியில் அந்த நாட்டின் ஏற்றுமதி துணி, ஒட்டுப்பலகை, தலைமுடி விக். கைவேலை மலிவு, அதனால இதெல்லாம் ரிக்கார்டோ கணக்குக்கு அப்படியே பொருந்துது. அந்த நேரத்துல கொரிய அரசு ஒரு பெரிய எஃகு ஆலை கட்டணும்னு நினைச்சது. இரும்புத் தாதுவையும் தகுந்த நிலக்கரியையும் கப்பல்லதான் கொண்டுவரணும். அனுபவம் இல்ல, பணம் இல்ல. உலக வங்கி இந்தத் திட்டத்தை ஆதரிக்கல. கட்டித் தர்றதாச் சொன்ன வெளிநாட்டு நிறுவனங்களின் கூட்டமைப்புக்கும் கடன் திரட்ட முடியல. அன்னைக்கு இருந்த செலவுகளை வெச்சுப் பார்த்தா, மறுத்தவங்க முட்டாள்கள் இல்ல.

கொரியா வேற வழி தேடிச்சு. காலனி ஆட்சிக்குப் பிந்தைய உறவைச் சீராக்க 1965-ல போட்ட ஒப்பந்தத்தின்படி, ஜப்பான் 30 கோடி டாலர் மானியமும் 20 கோடி டாலர் சலுகைக் கடனும் தர்றதா ஒத்துக்கிட்டிருந்தது. அதில் ஒரு பகுதியை எஃகுக்குத் திருப்பினாங்க. ஜப்பானிய எஃகு நிறுவனங்கள் தொழில்நுட்பம் கொடுத்தன. போஹாங் கடற்கரையில் 1970 ஏப்ரலில் வேலை ஆரம்பம். 1973-ல ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டன் திறனோட ஆலை ஓட ஆரம்பிச்சது. பத்தே வருஷத்துல அது சுமார் 90 லட்சம் டன்னா வளர்ந்துச்சு. அதுதான் இன்னைக்கு நாம கேள்விப்படும் போஸ்கோ.

இங்க என்ன மாறுச்சு? கொரியாவின் மண்ணுக்கடியில புதுசா இரும்பு முளைக்கல. ஆனா ஆலை கடலோரத்துல இருந்ததால பெரிய கப்பல் நேரா வந்து தாதுவை இறக்கிச்சு. பெரிய அளவுல உற்பத்தி செஞ்சதால ஒரு டன்னுக்கான செலவு குறைஞ்சது. ஆட்கள் வேலையைக் கத்துக்கிட்டாங்க. எண்கள் மாறிடுச்சு. ஒப்பீட்டு நன்மை ஒரு ஃபோட்டோ மாதிரி. எடுத்த நொடியில அது உண்மை, ஆனா குழந்தை எவ்வளவு உயரம் வளரும்னு அது சொல்லாது.

அப்போ லிஸ்ட் ஜெயிச்சுட்டாரா? அவசரப்பட வேண்டாம். வேலி போட்ட எல்லா நாடும் கொரியா ஆகல. பக்கத்துலயே உதாரணம் இருக்கு. 1950-களின் இறுதியில் இந்தியாவில் அம்பாசடர் கார் வந்தது. இறக்குமதி கிட்டத்தட்ட அடைப்பு. புதுசா யாரும் லைசென்ஸ் இல்லாம கார் தயாரிக்க முடியாது. வாங்குறவங்க வருஷக்கணக்கா வரிசையில நின்னாங்க. காரை மேம்படுத்தணும்னு கம்பெனிக்கு எந்த அவசரமும் இல்ல, வெளியில வித்துக் காட்டுன்னு யாரும் வற்புறுத்தவும் இல்ல. 1983-ல மாருதி வந்ததும் அதன் நிலைமை தெரிஞ்சுபோச்சு. 2014-ல உற்பத்தி நின்னுச்சு.

கொரியாவும் கார் சந்தைக்கு வேலி போட்டது. ஜப்பானிய கார் இறக்குமதிக்கான தடை 1999 வரை இருந்துச்சு. ஆனா உள்ளூர்லயே சில கம்பெனிகள் மோதிக்கிட்டன. அதோட மலிவுக் கடன் வேணும்னா ஏற்றுமதி செஞ்சு காட்டணும். 1975 இறுதியில் தயாரிப்புக்கு வந்த ஹூண்டாய் போனி, 1976-லயே ஈக்வடாருக்குப் போச்சு. வெளிநாட்டு வாடிக்கையாளர் தேசபக்திக்காகக் கார் வாங்க மாட்டார். அவர் வாங்கலைன்னா, நீங்க இன்னும் கத்துக்கலன்னு அர்த்தம். அந்தத் தகவலை எந்த அமைச்சக அறிக்கையாலும் மறைக்க முடியாது.

இதுக்கு விலையும் உண்டு. வேலி இருக்கும்வரை உள்ளூர் மக்கள்தான் அதிக விலை கொடுத்து அந்தத் தொழிலை வளர்க்கிறாங்க. கொரியாவில் அதோட சேர்த்து, சுதந்திரமான சங்கங்களை ஒடுக்கின ராணுவ ஆட்சியின் கீழ தொழிலாளர்கள் நீண்ட நேரம் உழைச்சாங்க. 1970-களின் கனரகத் தொழில் முதலீடுகளில் பல தேவைக்கு மேல போய், 1980-ல பொருளாதாரமே சுருங்கிச்சு. எஃகு ஜெயிச்சதாலதான் அதை மட்டும் ஞாபகம் வெச்சிருக்கோம்.

அதனால அடுத்த முறை ஒரு அரசு "உள்ளூர் தொழிலைக் காக்க இறக்குமதி வரி" அப்படின்னு அறிவிச்சா, ரெண்டு கேள்வி கேளுங்க. ஒண்ணு ரிக்கார்டோவோடது: இதுக்காக நாம எதை விட்டுக்கொடுக்கிறோம், யார் பாக்கெட்டிலிருந்து போகுது? இன்னொண்ணு மில்லோடது: எந்தத் தேதியில இந்த வேலி எடுக்கப்படும், அதுக்குள்ள தொழில் கத்துக்கலன்னா யார் அதை நிறுத்துவாங்க? ரெண்டாவது கேள்விக்குப் பதில் இல்லைன்னா, அங்க வளரப் போறது இன்னொரு போஸ்கோ இல்ல, இன்னொரு அம்பாசடர்.