இரையும் வோஷிங் மெஷின்: பெயாரிங்கா, பாரக்கல்லா?

சில மாதங்களுக்கு முன்னர் எங்கள் வீட்டு வோஷிங் மெஷின், உடுப்பைப் பிழியும்போது லொறி ஏறுவதுபோல் இரையத் தொடங்கியது. முன்பக்கம் கதவுள்ள மெஷின், ஏழு வருடப் பாவனை. பார்க்க வந்த திருத்துநர் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு, “பெயாரிங் போட்டுது, புதுசு வாங்குறதுதான் நல்லம்” என்றார். அம்மா பழைய மெஷினை விற்கவும் ஆள் தேடிவிட்டார்.

இரண்டாவதாக வந்தவர் வயதானவர். முதலில் பிளக்கைக் கழற்றினார். கதவைத் திறந்து, வெறும் டிரம்மை என் கையாலேயே சுற்றச் சொன்னார். சத்தமில்லாமல் சுற்றியது. பிறகு டிரம்மின் விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் அசைக்கச் சொன்னார். “டிரம் மட்டும் தனியா ஆடினா பெயாரிங் தேஞ்சிட்டுது, தங்கச்சி. வெளித்தொட்டியும் சேர்ந்து ஆடினா அது ஸ்பிரிங்கில தொங்குற ஆட்டம், பிழையில்லை” என்றார். எங்களுடையது சேர்ந்தே ஆடியது.

அடுத்து, பின்பக்கத் திருகாணிகளைக் கழற்றி மேல்மூடியை எடுத்தார். வெளித்தொட்டியின் மேல் ஒரு கொங்கிறீட் கட்டி போல்ட்டில் பூட்டப்பட்டிருந்தது. டிரம் வேகமாகச் சுழலும்போது தொட்டி துள்ளாமல் பிடிப்பது இந்தப் பாரம்தான். கையால் தள்ளியதும் அது அசைந்தது. ஒரு போல்ட் இளகியிருந்தது. இறுக்கிப் பூட்டியதும் சத்தம் நின்றது.

ஆனால் எல்லாப் பாரக்கல்லும் இப்படி இலகுவில் சரிவராது. போல்ட் துளையைச் சுற்றிக் கொங்கிறீட் உடைந்திருந்தால், எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது; கல்லையே மாற்றவேண்டும். மெஷினுக்கு அடியில் சீமெந்துத் தூள் கொட்டியிருப்பது அதற்கு அடையாளம். அளவுக்கு மீறி இறுக்கினாலும் கல் வெடிக்கும். பல மெஷின்களில் கதவைச் சுற்றி முன்பக்கத்திலும் ஒரு கல் உண்டு, அதையும் பார்க்கவேண்டும்.

உண்மையில் பெயாரிங் பழுதென்றால், கையால் மெல்லச் சுற்றும்போதே கரகரவென்று கேட்கும். பிழியும் வேகம் கூடக் கூட இரைச்சலும் கூடும். பெரும்பாலும் முதலில் பழுதாவது அதற்கு முன்னாலுள்ள ரப்பர் சீல். அதன் வழியே தண்ணீர் கசிந்து கிறீஸைக் கழுவிவிட, பெயாரிங் துருப்பிடிக்கிறது. வெளித்தொட்டியின் பின்புறம் கபில நிறக் கோடாகத் துரு வழிந்திருப்பதைக் காணலாம். அப்போது இரண்டு பெயாரிங்கையும் சீலையும் ஒன்றாக மாற்றவேண்டும். பழைய சீலையே விட்டால் புதுப் பெயாரிங்கும் கெதியில் போய்விடும். சில மெஷின்களில் தொட்டி ஒட்டி மூடப்பட்டிருக்கும். அவற்றில் தொட்டியையே மாற்றவேண்டி வரலாம். அங்கேதான் புதியது வாங்குவதா என்ற கேள்வி நியாயமாகிறது.

பெயாரிங் தேய்ந்தபின்னும் தொடர்ந்து ஓட்டினால், தண்டும் தேய்ந்து, டிரம் தொட்டியில் உராயத் தொடங்கும். பிறகு திருத்தினாலும் பயனில்லை. பாரக்கல் இளகியபடி ஓட்டினாலும் அது கழன்று விழுந்து தொட்டியை உடைக்கலாம். ஆகவே இரைச்சல் கேட்டால் பிழிவதை நிறுத்திவிட்டு, முதலில் டிரம்மைக் கையால் சுற்றிப் பாருங்கள்.